காலில் ஏறிய மூங்கில் சிலாம்பு: முதல் சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில், மேக்ரோஃபேஜ், என்.கே. செல் ஆகிய மூன்றில் எது என்ன செய்கிறது?

தட்டோன் செவிலி மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் செவிலியர் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நடவுக் காலம் தொடங்கிவிட்டதால், வயலில் வெறுங்காலோடு நிற்கும்போது மூங்கில் சிலாம்போ முள்ளோ ஏறி வருகிறவர்களைப் பயிற்சி வார்டில் தினமும் பார்க்கிறேன். எங்கள் பாடநூலில், கிருமியை எதிர்க்கும் செல்களில் நியூட்ரோஃபில் ஓர் அத்தியாயத்திலும், மேக்ரோஃபேஜ் இன்னோர் அத்தியாயத்திலும், என்.கே. செல் எனப்படும் இயற்கைக் கொல்லி செல் வைரஸ் பற்றிய பகுதியிலும் இருக்கின்றன. ஒரே காலில், ஒரே காயத்தில், முதல் ஐந்தாறு மணி நேரத்துக்குள் இவை மூன்றும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்று எந்த அத்தியாயமும் சொல்லவில்லை. எது முதலில் அங்கே இருக்கிறது, கிருமியைக் கொல்வது எது, என்.கே. செல்லுக்கு அந்தக் காயத்தில் ஏதாவது வேலை உண்டா என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பெகு ஆசிரியர்

மாணவிக்கு வாழ்த்துகள். நான் பள்ளியில் உயிரியல் கற்பிக்கிறவன் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். காயம் ஏற்பட்டவுடன் முதலில் வருவது நியூட்ரோஃபில். அது எண்ணிக்கையில் மிகுதி, ஆனால் ஆயுள் குறைவு. அது போராடி மடிந்த பிறகு, ஓரிரு நாள்கள் கழித்து மேக்ரோஃபேஜ் வந்து இறந்த செல்களையும் மிச்சமிருக்கும் கிருமிகளையும் விழுங்கித் துப்புரவு செய்கிறது. என்.கே. செல் வைரஸ் புகுந்த செல்லையும் புற்றுநோய்ச் செல்லையும் மட்டுமே கொல்வது. பாக்டீரியாக் காயத்தில் அதற்கு வேலை இல்லை. தேர்வுக்கு இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

ரங்கூன் ரத்தப் பரிசோதகர்

ஆசிரியர் ஐயா சொன்னதில் பாதி சரி, ஆனால் மாணவி கேட்ட கேள்விக்கு விடை மற்ற பாதியில்தான் இருக்கிறது. நான் ரத்தவியல் ஆய்வகத்தில் நீண்ட காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மணிக்கணக்கில் பார்த்தால் விஷயம் தெளிவாகும் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஓரிரு நாள் கழித்து வருவதாக ஐயா சொல்வது ரத்தத்தில் உள்ள மோனோசைட்டுகள் திசுவுக்குள் புகுந்து மேக்ரோஃபேஜாக மாறுவதை. அது உண்மைதான். ஆனால் சிலாம்பு ஏறும் நொடியிலேயே தோலின் உட்படலத்தில் மேக்ரோஃபேஜ்கள் உட்கார்ந்திருக்கின்றன. இவற்றில் பல நாம் கருவில் இருந்த காலத்திலேயே திசுக்களில் குடியேறிய செல்களின் வழித்தோன்றல்கள். ஆகவே முதலில் "வருவது" நியூட்ரோஃபில், முதலில் "இருப்பது" மேக்ரோஃபேஜ்.

ஒரு மூங்கில் சிலாம்பு பாதத்தில் ஒரு சென்டிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சேற்றோடும் தோலோடும் ஒட்டியிருந்த ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா உள்ளே போய்விட்டது. அருகில் உள்ள மேக்ரோஃபேஜ் நுண்ணுயிரின் மேற்பரப்பையும் சிதைந்த செல்லிலிருந்து கசியும் பொருள்களையும் தன் ஏற்பிகளால் நிமிடங்களுக்குள் உணர்ந்துவிடுகிறது. கிருமி சொற்பமாக இருந்தால் அதுவே விழுங்கி முடித்துவிடும். நமக்கு அந்தக் காயம் நினைவில்கூட நிற்காது. அதன் சக்திக்கு மீறினால் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின் 1, இன்டர்லூக்கின் 8 போன்ற செய்தி மூலக்கூறுகளை வெளியிடுகிறது. பக்கத்தில் உள்ள மாஸ்ட் செல்களும் ஹிஸ்டமினை வெளியிட்டு ரத்தக்குழாயைத் தளர்த்துகின்றன. முதல் ஒரு மணி நேரத்தில் தெரியும் சிவப்பும் சூடும் இதன் விளைவு.

அந்த அழைப்பைக் கேட்டு வருவது நியூட்ரோஃபில். ரத்தத்தில் உள்ள வெள்ளணுக்களில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில்தான். காயத்துக்கு அருகே உள்ள நுண்குழாய்களின் உட்சுவர் ஒட்டும் தன்மை பெறுகிறது. ஓடிக்கொண்டிருந்த நியூட்ரோஃபில் வேகம் குறைந்து உருண்டு, பிறகு இறுக ஒட்டி, சுவரின் இடுக்கு வழியாகத் தன்னை நசுக்கிக்கொண்டு வெளியே வருகிறது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் சில வரத் தொடங்கும். நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் காயத்தைச் சுற்றி அவை அடர்ந்துவிடும். கிருமியை விழுங்கி, குறுமணிகளில் உள்ள நொதிகளாலும் ஹைப்போகுளோரஸ் அமிலத்தாலும் கொல்கின்றன. சீழின் பச்சைச் சாயலுக்குக் காரணம் அந்த அமிலத்தை உருவாக்கும் நொதியின் நிறம்.

ஆக, கொல்லும் வேலையின் பெரும்பங்கு நியூட்ரோஃபிலுடையது. அழைப்பதா வேண்டாமா என்ற முடிவு பெரும்பாலும் மேக்ரோஃபேஜுடையது. என்.கே. செல்லைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அதில் இரண்டு வரியில் முடிக்க முடியாத சிக்கல் இருக்கிறது.

மோல்மேன் கடைக்காரர்

ஐயா, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இதே போன்ற காயம் என் அப்பாவுக்கு ஏற்பட்டது. அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. காலையில் சிலாம்பு குத்தியது. அவரே பிடுங்கிவிட்டு மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டார். எனக்குப் பயம் விடவில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு மருத்துவ நிலையத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்து, வெள்ளணு 7,200 தான் இருக்கிறது, தொற்று இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் கால் வீங்கிச் சீழ் பிடித்தபோது அதே பரிசோதனையில் 19,000 வந்தது. முதல் பரிசோதனை தவறா? அல்லது அப்பாவின் என்.கே. செல் பலவீனமா? எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் டானிக் ஒன்றைக் கடையில் பரிந்துரைக்கிறார்கள், அது என்.கே. செல்லைப் பெருக்கும் என்று புட்டியிலேயே எழுதியிருக்கிறது. வாங்கலாமா?

ரங்கூன் ரத்தப் பரிசோதகர்

முதல் பரிசோதனை தவறாக இருந்திருக்க வேண்டியதில்லை, ஐயா. அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. ரத்தத்தில் எண்ணப்படும் நியூட்ரோஃபில் பயணத்தில் இருப்பது மட்டுமே. காயத்துக்குள் போய்விட்டவை அந்தக் கணக்கில் வருவதில்லை. குழாய்ச் சுவரில் ஒட்டிக் காத்திருப்பவையும் ஊசியில் வருவதில்லை. எலும்பு மஜ்ஜையில் பெரிய கையிருப்பு இருக்கிறது. அது திறந்து ரத்தத்துக்கு வந்து சேரச் சில மணி நேரம் பிடிக்கும்.

இதை நேரடியாகப் பார்த்திருக்கிறார்கள். ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குப் பாக்டீரியாவின் நச்சான எண்டோடாக்சினை மிகச் சிறிய அளவில் ஊசியாகச் செலுத்தினால், முதல் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் ரத்தத்து நியூட்ரோஃபில் ஏறுவதற்குப் பதிலாக இறங்குகிறது. எல்லாம் சுவரில் ஒட்டிவிடுவதே காரணம். அதன் பிறகே ஏறத் தொடங்கி, ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் உச்சத்தைத் தொடுகிறது. காலில் ஏறிய சிலாம்பு அவ்வளவு பெரிய அதிர்ச்சி அல்ல என்பதால், அப்பாவுக்கு இரண்டாம் மணியில் 7,200 இருந்ததில் வியப்பில்லை. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. பரிசோதனையும் அந்த நேரத்தில் உதவியிருக்காது. அந்தப் புரதம் கல்லீரலில் உருவாகி ரத்தத்தில் தெரியவே ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும்; உச்சம் இரண்டாம் நாள்தான்.

நான் ஸ்லைடு பார்த்த காலத்தில் எண்ணிக்கையைவிட முதிராத நியூட்ரோஃபிலைத்தான் தேடுவேன். முதிர்ந்ததின் உட்கரு மூன்று நான்கு கண்ணிகளாக மெல்லிய இழையால் இணைந்திருக்கும். முதிராதது வளைந்த பட்டை போலவே இருக்கும். பட்டை வடிவம் அதிகரித்திருந்தால், மொத்த எண் இயல்பாக இருந்தாலும், மஜ்ஜை அவசரமாக அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மாறாக, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவருக்கும், பரிசோதனைக்கு முன் ஓடி வந்தவருக்கும் எண்ணிக்கை கூடும். அங்கே சுவரில் இருந்தவை ஓட்டத்துக்குத் திரும்பியிருக்குமே தவிர தொற்று இருக்க வேண்டியதில்லை.

என்.கே. செல்லைக் காரணம் காட்ட இதில் ஆதாரம் எதுவும் இல்லை. சாதாரண ரத்தப் பரிசோதனையில் அது லிம்போசைட் என்ற தலைப்பின் கீழ் மறைந்துவிடும். மேக்ரோஃபேஜ் திசுவில் இருப்பதால் சீட்டில் வரவே வராது, அதன் முன்னோடியான மோனோசைட் மட்டும் வரும். டானிக் வாங்க வேண்டாம். சர்க்கரை மிகுந்த நிலையில் நியூட்ரோஃபில் காயத்தை நோக்கி நகர்வதும், விழுங்குவதும், கொல்வதும் குறைகின்றன. அப்பாவின் பிரச்சினைக்கு விடை அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். இன்னொரு கேள்வி: சிலாம்பு முழுவதும் வந்துவிட்டதா என்று யாராவது பார்த்தார்களா?

மோல்மேன் கடைக்காரர்

எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள்.

ரங்கூன் ரத்தப் பரிசோதகர்

மூங்கிலும் மரமும் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. அல்ட்ராசவுண்டு எடுக்கச் சொல்லி இன்றே மருத்துவரிடம் கேளுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

சிலாம்பின் துண்டு உள்ளே இருப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்று மாணவிக்கும் சொல்ல வேண்டும். 1957-ல் இங்கிலாந்தில் எலெக், கோனன் என்ற இருவர் தன்னார்வலர்களின் தோலில் ஸ்டஃபைலோகாக்கஸைச் செலுத்திப் பார்த்தார்கள். சீழ் உண்டாகப் பல பத்து லட்சம் கிருமிகள் தேவைப்பட்டன. அதே கிருமியைப் பட்டுத் தையல் நூலோடு சேர்த்து வைத்தபோது சில நூறே போதுமானதாக இருந்தது. ஆட்கள் அதே ஆட்கள், நியூட்ரோஃபிலும் அதே நியூட்ரோஃபில். உள்ளே இருந்த நூல் ஒன்றுதான் வேறு. விழுங்க முடியாத பெரிய பரப்பின் மேல் நியூட்ரோஃபில் ஒட்டிக்கொண்டு, விழுங்க முயன்று, தன் குறுமணிகளை வீணாக வெளியே கொட்டிவிடுகிறது. பக்கத்தில் உள்ள கிருமியைக் கொல்ல அதனிடம் சரக்கு மிஞ்சுவதில்லை. நியூட்ரோஃபில் வந்து சேர்ந்தும் தோற்பது இப்படித்தான்.

தட்டோன் செவிலி மாணவி

ஐயா, இது எனக்கு முற்றிலும் புதியது. அப்படியானால் முதல் சில மணி நேரம் உண்மையிலேயே தீர்மானமானதா, அல்லது மூன்றாம் நாளிலும் நியூட்ரோஃபில் ஈடுகட்டிவிடுமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். நியூட்ரோஃபில் அதிகமாக வருவது எப்போதும் நல்லதுதானா?

ரங்கூன் ரத்தப் பரிசோதகர்

முதல் கேள்விக்கு மைல்ஸும் அவருடைய கூட்டாளிகளும் 1957-ல் கினிப்பன்றித் தோலில் செய்த சோதனைகளும், அதைத் தொடர்ந்து 1961-ல் பர்க் வெளியிட்டவையும் நேரடி விடை தருகின்றன. கிருமியைச் செலுத்துவதற்கு முன்போ செலுத்தியவுடனோ ஆண்டிபயாடிக் கொடுத்தால் காயம் மிகச் சிறிதாக நின்றது. தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறைந்தது. மூன்று மணி நேரம் கடந்து கொடுத்தபோது, மருந்தே கொடுக்காததற்கும் இதற்கும் வேறுபாடு தெரியவில்லை. அந்த மூன்று மணி நேரத்தில் வளர்ச்சிக்கும் அழிப்புக்கும் இடையிலான கணக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. அதன் பிறகு புண்ணின் அளவு அநேகமாக முடிவாகிவிட்டது. அறுவைச் சிகிச்சைக்குக் கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஆண்டிபயாடிக் கொடுக்கும் வழக்கம் இந்த வழியில் வந்ததே. பிறகு மருந்து கொடுப்பது வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பரவாமல் தடுக்கவும் ரத்தத்தில் கலக்காமல் காக்கவும் அது தேவை. தோலில் உண்டான கட்டியின் அளவை மட்டும் அது பின்னோக்கித் திருத்தாது.

இரண்டாவது கேள்விக்கு விடை: எப்போதும் நல்லது அல்ல. நியூட்ரோஃபிலின் ஆயுதம் கிருமி எது, நம் திசு எது என்று பிரித்தறியாது. கொட்டிய நொதி பக்கத்துச் செல்லையும் கரைக்கும். எலிகளின் உயிருள்ள திசுவை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்து 2019-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரே ஒரு செல் சிதைந்தால் அருகில் உள்ள மேக்ரோஃபேஜ்கள் நிமிடங்களுக்குள் தங்கள் கைகளை நீட்டி அந்த இடத்தை மூடிவிட்டன. உள்ளிருந்து கசிவது வெளியே தெரியாததால் நியூட்ரோஃபில்கள் கூட்டமாக வரவில்லை. மேக்ரோஃபேஜ்களை நீக்கிவிட்டுச் செய்தபோது அதே சிறு காயத்துக்கு நியூட்ரோஃபில் கூட்டம் மொய்த்து, அழிவைப் பெரிதாக்கியது. மூடக்கூடிய அளவைக் காயம் தாண்டினால் மேக்ரோஃபேஜ் தடுப்பதில்லை. முதல் நிமிடங்களில் அது செய்யும் வேலையில் அழைப்பதைப் போலவே அழைக்காமல் இருப்பதும் உண்டு. எனக்கு இந்தப் பகுதி ஆசிரியர் ஐயாவின் "துப்புரவு" என்ற விளக்கத்தைவிட மிகவும் பிடித்தமானது.

பெகு ஆசிரியர்

துப்புரவு என்று நான் சொன்னதற்குப் பாடநூல் ஆதாரம் இருக்கிறது. அது முழுதும் தவறு என்று கொள்ள வேண்டாம். இறந்த நியூட்ரோஃபிலை மேக்ரோஃபேஜ் விழுங்காவிட்டால் அதன் நொதிகள் வெளியே கசிந்து புண் ஆறாது என்பது தாங்களும் ஒப்புக்கொள்வதே. நான் சொன்னது பிந்தைய கட்டம், தாங்கள் சொல்வது முந்தைய கட்டம். ஆனால் என்.கே. செல் பற்றிய என் கருத்தில் உறுதியாக இருக்கிறேன். அது பாக்டீரியாவை விழுங்குமா? விழுங்காது. பின் எதற்கு அதைச் சிலாம்புக் காயத்தில் இழுக்க வேண்டும்?

பாகோ கால்நடை மருத்துவர்

ஐயா, விழுங்காது என்பது சரி. அதனால் வேலை இல்லை என்பது மட்டும் சரியில்லை. இது நம் ஊர் நோய் ஒன்றோடு தொடர்புடையது என்பதால் நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆடுகளில் நான் பார்க்கும் மெலியாய்டோசிஸ் நோயை முதன்முதலில் மனிதரில் கண்டறிந்தது ரங்கூனில்தான். 1911-ல் ரங்கூன் மருத்துவமனையின் நோயியலாளர் விட்மோரும் அவருடைய உதவியாளர் கிருஷ்ணசாமியும் பிணப் பரிசோதனைகளில் அதைக் கண்டு 1912-ல் எழுதினார்கள். மார்ஃபியா ஊசி போட்டுக்கொண்டவர்கள் பலர் அந்த நோயாளிகளில் இருந்தார்கள். நோயை உண்டாக்கும் பர்கோல்டேரியா சூடோமல்லை என்ற பாக்டீரியா வயல் சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. மழைக்காலத்தில் வெறுங்காலின் காயம் வழியாக நுழையும்.

ஸ்டஃபைலோகாக்கஸும் இதுவும் ஒரே சிலாம்பில் ஏறி உள்ளே வந்தாலும், முதல் மணிகளில் நடப்பது வேறு. ஸ்டஃபைலோகாக்கஸ் பெரும்பாலும் செல்லுக்கு வெளியே பெருகுகிறது. நியூட்ரோஃபில் விழுங்கிக் கொன்றால் கதை அநேகமாக முடிந்தது. சூடோமல்லையோ விழுங்கப்படுவதைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. மேக்ரோஃபேஜ் அதை விழுங்கியதும், தன்னை அடைத்த உறையைச் சில மணி நேரத்துக்குள் கிழித்துச் செல்லின் உள்திரவத்துக்குத் தப்பிவிடுகிறது. அங்கே பெருகி, செல்லின் ஆக்டின் இழைகளைத் தன் பின்னால் வால் போலக் கட்டிக்கொண்டு பக்கத்துச் செல்லுக்குள் துளைத்து நுழைகிறது. பல செல்களை ஒன்றாக இணைத்துப் பெரும் செல்லாக்கவும் அதற்குத் தெரியும். வெளியே நீந்தும் நியூட்ரோஃபில் அதைப் பார்ப்பதே அரிது.

என்.கே. செல்லின் இடம் இங்கே வருகிறது. மேக்ரோஃபேஜ் தொற்றை உணர்ந்ததும் இன்டர்லூக்கின் 12, 18 என்ற இரண்டையும் வெளியிடுகிறது. அவற்றைப் பெற்ற என்.கே. செல் சில மணி நேரத்தில் இன்டர்ஃபெரான் காமாவைச் சுரக்கிறது. அது திரும்ப மேக்ரோஃபேஜை அடைந்து, முன்பு திணறிய அதற்கே கிருமியைக் கொல்லும் திறனைத் தருகிறது. என்.கே. செல் கிருமியைத் தொடாமலேயே முடிவை மாற்றிவிடுகிறது. எலிகளில் இன்டர்ஃபெரான் காமாவை எதிர்ப்பொருளால் தடுத்தபோது, பாதி எலிகளைக் கொல்லத் தேவைப்பட்ட சூடோமல்லையின் அளவு பல லட்சத்திலிருந்து விரல்விட்டு எண்ணும் எண்ணிக்கைக்குச் சரிந்தது. முதல் நாளில் சுரக்கும் அந்தக் காமாவில் என்.கே. செல்லுக்குப் பெரும் பங்கு இருக்கிறது. சில டி செல்களும் சேர்ந்துகொள்கின்றன.

ரங்கூன் ரத்தப் பரிசோதகர்

மருத்துவர் சொன்னதோடு ஒரு வேறுபாட்டைச் சேர்க்கிறேன். நியூட்ரோஃபிலும் மேக்ரோஃபேஜும் கிருமியைப் பார்க்கின்றன, என்.கே. செல் நம்முடைய செல்லைப் பார்க்கிறது. ஆரோக்கியமான செல் தன் மேற்பரப்பில் எம்.எச்.சி. வகுப்பு 1 என்ற புரதத்தைக் காட்டிக்கொண்டிருக்கும், என்.கே. செல் அதைத் தொட்டுப் பார்த்து விலகிவிடும். பல வைரஸ்கள் அந்தப் புரதத்தை மறைக்கின்றன. இல்லாததைக் கண்டதும், கூடவே நெருக்கடியின் அடையாளங்களும் தெரிந்தால், என்.கே. செல் பெர்ஃபோரின் என்ற புரதத்தால் அந்தச் செல்லில் துளையிட்டு, கிரான்சைம் என்ற நொதியை உள்ளே செலுத்தி அதை முடித்துவிடுகிறது. 1975-ல் சுவீடனில் இதை விவரித்தவர்கள் "இயற்கைக் கொல்லி" என்று பெயரிடக் காரணம், முன்பயிற்சி இல்லாமலேயே அது கொல்கிறது என்பதே.

மூன்றில் ஒவ்வொன்றும் இல்லாதவர்களைப் பார்ப்பது இன்னும் நல்ல சான்று. கீமோதெரபியில் நியூட்ரோஃபில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 500-க்குக் கீழே இறங்கியவருக்குக் காயம் பட்டால், காய்ச்சல் இருக்கும், வலி இருக்கும், ஆனால் சீழ் இருக்காது. சீழ் இல்லை என்று ஆறுதல் அடையக் கூடாது. சீழாகும் செல்லே அங்கே இல்லை என்பதுதான் பொருள். பாக்டீரியாவும் பூஞ்சையும் அவர்களை மணிக்கணக்கில் வீழ்த்தும். என்.கே. செல் இல்லாதவர்களோ வேறு விதம். 1989-ல் பதிவான ஒரு பெண் குழந்தை பதின்ம வயதில் சின்னம்மை வைரஸாலும், அதே ஹெர்பெஸ் குடும்பத்து மற்ற வைரஸ்களாலும் திரும்பத் திரும்பக் கடுமையாகப் பாதிக்கப்பட்டார். சாதாரணச் சீழ்க்கட்டிகள் அவருடைய முதன்மைப் பிரச்சினையாக இருக்கவில்லை. இந்த வகையில் ஆசிரியர் ஐயா சொன்னதில் உண்மை உண்டு: சிலாம்பில் வந்தது ஸ்டஃபைலோகாக்கஸ் மட்டும் என்றால் என்.கே. செல் இல்லாமலும் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

பாகோ கால்நடை மருத்துவர்

கடைசி வாக்கியத்தில் மட்டும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. நுரையீரலில் ஸ்டஃபைலோகாக்கஸ் புகுந்தால் என்.கே. செல் உதவுவதாக எலிச் சோதனைகள் காட்டுகின்றன. அதே கிருமியின் நஞ்சு ரத்தத்தில் பரவும் நிலையில் இன்டர்ஃபெரான் காமா மிகுந்து உடலையே கெடுக்கவும் செய்கிறது. எந்த உறுப்பு, எவ்வளவு கிருமி என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. ஒரே பெண்ணின் மருத்துவ வரலாற்றிலிருந்து பாதத்துத் தோலைப் பற்றி முடிவு சொல்ல முடியாது.

நியூட்ரோஃபிலையும் சூடோமல்லையில் ஒதுக்கிவிடக் கூடாது. அது பார்ப்பது அரிது என்று நான் சொன்னது செல்லுக்குள் குடியேறிய பிறகு. நுரையீரல் வழியாகத் தொற்றிய எலிகளில் நியூட்ரோஃபிலை நீக்கியபோது அவை விரைவில் இறந்தன. வெளியே இருக்கும் தொடக்க மணிகளில் அதன் பங்கு பெரியது. சர்க்கரை நோயாளிகளுக்கு மெலியாய்டோசிஸ் அதிகம் வருவதற்கு நியூட்ரோஃபிலின் மந்தநிலை ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. மேக்ரோஃபேஜின் குறையும் சேர்ந்திருக்கலாம்.

மோல்மேன் ஐயா, இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. சர்க்கரை நோயும் வயல் காயமும் சேர்ந்திருப்பதால், சீழைக் கல்ச்சருக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். மெலியாய்டோசிஸாக இருக்கலாம் என்ற சந்தேகத்தையும் ஆய்வகத்திடம் சொல்லச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மண்ணிலிருந்து வந்த கலப்படக் கிருமி என்று சில நேரம் ஒதுக்கிவிடுவார்கள். அந்தக் கிருமிக்குப் பென்சிலினும் ஜென்டாமைசினும் கேட்காது; செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனம் தேவைப்படும்.

மோல்மேன் கடைக்காரர்

நன்றி, ஐயா. அல்ட்ராசவுண்டில் அரை அங்குலத்துக்கும் குறைவான துண்டு ஒன்று தெரிந்தது. இன்று காலை எடுத்துவிட்டார்கள். கல்ச்சரில் ஸ்டஃபைலோகாக்கஸ் மட்டும் வளர்ந்திருக்கிறது. சர்க்கரை 310 இருந்தது, இன்சுலின் தொடங்கியிருக்கிறார்கள். டானிக் வாங்கவில்லை.

தட்டோன் செவிலி மாணவி

அப்பா நலமாவது கேட்டு மகிழ்ச்சி. எனக்குக் கடைசியாக ஒரு கேள்வி. சிலாம்பு ஏறிய மூன்றாம் மணியில் ஒரு மனிதரின் பாதத்தில் போதிய என்.கே. செல் உண்மையிலேயே இருக்குமா? எலியில் இன்டர்ஃபெரான் காமா பற்றிச் சொன்னவை அங்கே பொருந்துமா?

பாகோ கால்நடை மருத்துவர்

சரியான இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள், தங்கச்சி. ரத்தத்து லிம்போசைட்டுகளில் பத்தில் ஒன்று என்ற அளவில் என்.கே. செல் இருக்கிறது, கல்லீரலிலும் மண்ணீரலிலும் தாராளமாக உண்டு, ஆரோக்கியமான தோலில் அவை சொற்பம். நான் சொன்ன எலிச் சோதனைகளில் கிருமி பாதத்தில் குத்தி ஏற்றப்படவில்லை. உடலுக்குள் நேரடியாகச் செலுத்தப்பட்டது. அதனால் கல்லீரலும் மண்ணீரலும் முதல் நாளிலேயே களமாகிவிட்டன, என்.கே. செல் அங்கே கையருகில் இருந்தது. பாதத்துக் காயத்தில் மூன்றாம் மணியில் களத்தில் இருப்பது திசு மேக்ரோஃபேஜும் வந்துகொண்டிருக்கும் நியூட்ரோஃபிலுமே. அந்த இரண்டையும் தாண்டிக் கிருமி ரத்தத்தில் ஏறினால், அல்லது மேக்ரோஃபேஜுக்குள் பதுங்கி நிணநீர் முடிச்சை அடைந்தால், என்.கே. செல்லின் நேரம் அங்கே தொடங்குகிறது என்று நான் எண்ணுகிறேன். மனிதத் தோலில் அதை மணிக்கணக்காகப் பின்தொடர்ந்த சோதனை எதையும் நான் படித்ததில்லை.

ரங்கூன் ரத்தப் பரிசோதகர்

நோயாளியிடம் அதை அளக்க நினைத்தாலும் எளிதல்ல. செல்களை ஒவ்வொன்றாக அடையாளம் காணும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் சி.டி. 56, சி.டி. 16 என்ற குறியீடுகளைக் கொண்டு ரத்தத்தில் எத்தனை என்.கே. செல் இருக்கிறது என்று எண்ணலாம். அவை இன்டர்ஃபெரான் காமாவைச் சுரக்குமா, இலக்குச் செல்லைக் கொல்லுமா என்பதைத் தனியாக வளர்த்துப் பார்க்க வேண்டும். எண் இயல்பாக இருந்தும் வேலை செய்யாத என்.கே. செல்கள் உடையவர்கள் இருக்கிறார்கள். வார்டில் முதல் சில மணி நேரத்தில் உங்கள் கையில் இருப்பது காயத்தின் சிவப்பு, வீக்கம், வலி, நாடித்துடிப்பு, வெப்பநிலை, சர்க்கரை ஆகியவையே. ரத்தச் சீட்டு இயல்பாக வந்தால் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை எடுக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். முதல் சீட்டையும் பத்திரமாக வைத்திருங்கள், ஏற்றத்தைப் பார்க்க அது வேண்டும்.